‘யூரோசெப்சிஸ்’ என்று மட்டும் எழுதியிருக்கும் சார்ட்: டாக்டருக்கு க்வெரி எழுதும் முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் அமெரிக்க மருத்துவமனைகளின் இன்பேஷன்ட் சார்ட்டுகளைக் கோடிங் செய்யும் தளங்களில் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய. பார்மசி, நர்சிங், பிசியோதெரபி படித்துவிட்டு வந்தவர்கள். உடற்கூறியல் தெரியும், கோடுகளும் சில மாதங்களில் கைக்கு வந்துவிடும். ஆனால் டாக்டர் எழுதியது புரியாதபோது அவரிடம் எப்படிக் கேட்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சிலர் க்வெரி போடாமல் தாங்களே ஊகித்துவிடுவார்கள். வேறு சிலர் போடுகிற க்வெரியிலேயே விடையை எழுதிவிடுவார்கள். ஆடிட்டில் இரண்டுமே மாட்டும்.

எல்லா வகை க்வெரியையும் இங்கே தொடவில்லை. ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு கடைசிவரை போகிறோம்: ‘யூரோசெப்சிஸ்’. இதை ஒழுங்காகக் கேட்கத் தெரிந்தவருக்கு மற்ற க்வெரிகளும் பெரும்பாலும் வந்துவிடும்.

இந்தச் சொல்லுக்கு ஏன் கோடு இல்லை

ஐசிடி-10-சிஎம் அகரவரிசையில் ‘யூரோசெப்சிஸ்’ என்று தேடினால் எண் எதுவும் வராது. ‘நோய் எதுவோ அதற்குக் கோடு போடு’ என்ற பொருளில் ஒரு குறிப்புதான் இருக்கும். அதிகாரபூர்வக் கோடிங் வழிகாட்டு நெறிகளும் இதை வெளிப்படையாகச் சொல்கின்றன: இது தெளிவற்ற சொல், செப்சிஸுக்கு மாற்றுச்சொல்லாக எடுத்துக்கொள்ளக் கூடாது, டாக்டர் இதை எழுதினால் அவரிடமே விளக்கம் கேட்க வேண்டும். ஆக இந்த இடத்தில் க்வெரி போடுவதா வேண்டாமா என்பது கோடரின் விருப்பம் இல்லை.

காரணம் எளிது. ஒரு டாக்டர் இந்தச் சொல்லால் சிறுநீர்ப் பாதைத் தொற்றை மட்டும் குறிப்பார். இன்னொருவர், அந்தத் தொற்று உடல் முழுக்க எதிர்வினையைக் கிளப்பிச் செப்சிஸ் ஆகிவிட்டது என்ற பொருளில் எழுதுவார். முதலாவது என்றால் N39.0. இரண்டாவது என்றால் A41-இல் தொடங்கும் கோடு முதன்மை நோயாக மேலே வந்து உட்காரும், N39.0 அதற்குக் கீழே போகும். மெடிகேர் பணம் கொடுக்கும் டிஆர்ஜி தொகுப்பும் மாறிவிடும்: 690 ஆக இருந்தது 872 ஆகும், சில சமயம் 871 வரை போகும். நோயாளி அதே நோயாளி, சிகிச்சை அதே சிகிச்சை. பில்லை மாற்றுவது அந்த ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதுதான்.

சார்ட்டை எப்படிப் படிப்பது

பயிற்சிக்காக நாங்களே கட்டிய ஒரு சார்ட்டை எடுத்துக்கொள்வோம். 74 வயதுப் பெண், எடை 62 கிலோ. காய்ச்சல், நடுக்கம், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் என்று எமர்ஜென்சிக்கு வருகிறார். ஆறாம் நாள் வீட்டுக்குப் போகிறார்.

அட்மிஷன் குறிப்பில் டாக்டர் எழுதியது: “யூரோசெப்சிஸ். செஃப்ட்ரியாக்ஸோன், ஐவி திரவம்.” இரண்டாம் நாள் புரோக்ரஸ் நோட்: “ஈ.கோலை சிறுநீர்ப் பாதைத் தொற்று, ஆன்டிபயாட்டிக் தொடரவும். கிரியாட்டினின் கூடியுள்ளது, திரவம் தொடரவும், லிசினோப்ரில் நிறுத்தவும்.” டிஸ்சார்ஜ் சம்மரி: “யூரோசெப்சிஸ், ஆன்டிபயாட்டிக்கில் குணம்.” டாக்டரின் எழுத்து இவ்வளவுதான்.

டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் படித்துவிட்டு க்வெரி எழுத உட்காராதீர்கள். முதலில், இந்த விடை சார்ட்டில் வேறெங்காவது ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். எமர்ஜென்சி டாக்டரின் குறிப்பு, தொற்றுநோய் நிபுணர் வந்திருந்தால் அவருடைய குறிப்பு, ஒவ்வொரு நாளின் புரோக்ரஸ் நோட். நோயாளியைப் பார்த்த எந்த டாக்டர் எழுதியதையும், அட்டெண்டிங் டாக்டரின் எழுத்தோடு முரண்படாதவரை, கோடிங்குக்கு எடுத்துக்கொள்ளலாம். முரண்பட்டால் அட்டெண்டிங்கிடம்தான் கேட்க வேண்டும். அப்போது கேள்வியும் வேறு மாதிரி ஆகும்: “இவர் இப்படி எழுதியிருக்கிறார், நீங்கள் இப்படி எழுதியிருக்கிறீர்கள், இறுதி நோய் எது?” நம் சார்ட்டில் யாருமே ‘செப்சிஸ்’ என்று எழுதவில்லை. எனவே இது முரண்பாட்டுக் கேள்வி இல்லை, தெளிவுக் கேள்வி.

அடுத்தது எண்கள். டாக்டர் எழுதியது ஒரு சொல்தான், நர்சிங் ஃப்ளோஷீட்டிலும் லேபிலும் ஒரு முழுக் கதை கிடக்கிறது:

எமர்ஜென்சியில் காய்ச்சல் 102.4 டிகிரி ஃபாரன்ஹீட், நாடித்துடிப்பு 114, மூச்சு நிமிடத்துக்கு 24, ரத்த அழுத்தம் 92/54. வெள்ளையணு 18.6, அதில் பேண்ட் 12 சதவீதம். லாக்டேட் 3.1, திரவம் ஏற்றியபின் 1.6. சிறுநீர்க் கல்ச்சரில் ஈ.கோலை ஒரு லட்சம் காலனிக்கு மேல். ரத்தக் கல்ச்சர் இரண்டு செட்டிலும் ஐந்து நாள் வளர்ச்சி இல்லை. கிரியாட்டினின் வந்தபோது 2.1, இரண்டாம் நாள் 1.6, நான்காம் நாள் 1.0. மூன்று மாதத்துக்கு முந்தைய கிளினிக் ரிப்போர்ட்டில் 0.9. முதல் மூன்று மணி நேரத்துக்குள் திரவம் 2,000 மில்லி. கிலோவுக்கு 30 மில்லி என்று கணக்குப் போட்டால் இவருக்கு 1,860 மில்லி வரும், அதைவிடச் சற்றே கூடுதல். செஃப்ட்ரியாக்ஸோன் தினமும் 2 கிராம். ஐசியூவுக்குப் போகவில்லை.

இதைப் பார்த்ததும் “செப்சிஸேதான்” என்று கை பரபரக்கும். அங்கேயே கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அசாதாரண லேப் முடிவை வைத்துக் கோடர் நோயை முடிவு செய்யக் கூடாது. டாக்டர் அதற்குச் சிகிச்சை கொடுத்திருந்தாலோ மேற்கொண்டு பரிசோதனை எழுதியிருந்தாலோ, அதன் பொருள் என்ன என்று கேட்கலாம். நெறிகள் தரும் இடம் அவ்வளவுதான்.

குறித்துக்கொள்ளும்போது ஒவ்வொரு எண்ணோடும் தேதி, நேரம், அது இருக்கும் ஆவணம் மூன்றையும் எழுதிவிடுங்கள். “லாக்டேட் 3.1” என்பது மட்டும் போதாது. “முதல் நாள் 18:40, லேப்” என்று இருந்தால் டாக்டர் தேட வேண்டியதில்லை. தேட வைக்கும் க்வெரிக்குப் பதில் தாமதமாகும், சில சமயம் வரவே வராது.

க்வெரியின் நான்கு பகுதிகள்

தலைப்பு, சார்ட்டில் உள்ளவை, கேள்வி, தெரிவுகள். இந்த நான்குக்கு மேல் ஒன்றும் வேண்டாம். ‘தங்கள் மேலான கவனத்துக்கு’ வகை வணக்கங்கள் நம் ஊர்ப் பழக்கம். ஒரு நாளில் இருபது நோயாளியைப் பார்க்கும் டாக்டருக்கு அவை தடைதான்.

தலைப்பில் தவறு செய்பவர்கள் அதிகம். ‘செப்சிஸ் க்வெரி’ என்று தலைப்பு வைத்தால் கேள்வியைப் படிக்கும் முன்பே விடையைக் காட்டிவிட்டீர்கள். டாக்டர் எழுதாத நோயின் பெயர் தலைப்பில் வரக் கூடாது. அமெரிக்காவின் அஹிமா, ஏசிடிஸ் அமைப்புகள் இணைந்து வெளியிட்டு 2022-இல் புதுப்பித்த க்வெரி நடைமுறைக் குறிப்பும் இதைத்தான் சொல்கிறது. அவர் எழுதிய சொல் யூரோசெப்சிஸ் என்பதால் அந்தச் சொல்லைத் தலைப்பில் வைப்பதில் பிழை இல்லை.

இரண்டாம் பகுதியில் வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுக்கும் ஆசை வரும். காய்ச்சல், நாடித்துடிப்பு, லாக்டேட் மூன்றையும் எழுதிவிட்டு, ரத்தக் கல்ச்சரில் வளர்ச்சி இல்லை என்பதையும் ஐசியூ போகவில்லை என்பதையும் விட்டுவிட்டால், அந்தத் தேர்விலேயே சாய்வு இருக்கிறது. ரத்தக் கல்ச்சர் நெகட்டிவ் என்பதால் செப்சிஸ் இல்லை என்றாகிவிடாது, நெறிகளே அப்படிச் சொல்கின்றன. அதற்காக அதை மறைக்கவும் கூடாது. இரண்டு பக்கமும் தட்டில் இருக்கட்டும், எடை பார்ப்பது டாக்டர் வேலை.

நர்ஸின் கணினியில் ‘செப்சிஸ் அலர்ட்’ அடித்திருந்தால் அதை க்வெரியில் எழுதலாமா என்று கேட்பார்கள். எங்கள் முடிவு: அலர்ட்டின் பெயரை விட்டுவிட்டு, அதை அடிக்க வைத்த எண்களை எழுதுங்கள். தகவல் முழுதாகப் போய்ச் சேரும், நோயின் பெயரை நீங்கள் டாக்டர் வாயில் திணித்ததாகவும் ஆகாது.

கேள்வி ஒரே வாக்கியம். ‘உங்கள் மருத்துவத் தீர்ப்பின்படி’ என்ற சொற்கள் அதில் இருக்க வேண்டும்.

இனி தெரிவுகள். சார்ட்டில் உள்ள தகவல் தாங்கும் தெரிவுகளை மட்டும் கொடுங்கள். குறைந்தது இத்தனை இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகப் பொருந்தாத ஒன்றைச் சேர்ப்பதுதான் தவறு. இந்தச் சார்ட்டில் ரத்தக் கல்ச்சர் நெகட்டிவ், ஆகவே ‘பாக்டீரிமியா’ என்ற தெரிவுக்கு இடமில்லை. ‘வேறு’, ‘தீர்மானிக்க இயலவில்லை’ இரண்டும் கட்டாயம். டாக்டர் எழுதாத செப்சிஸைத் தெரிவாக வைப்பது சரியா என்ற சந்தேகம் புதியவர்களுக்கு வரும். எண்கள் அதைத் தாங்கினால் வைக்கலாம், தவறில்லை. தலைப்பிலோ கேள்வியிலோ அது வரக் கூடாது, அவ்வளவுதான்.

எழுதி முடித்தால் க்வெரி இப்படி இருக்கும். கணினியில் ஆங்கிலத்தில்தான் தட்டுவீர்கள், அமைப்பு இதுதான்:

> தலைப்பு: ‘யூரோசெப்சிஸ்’ குறித்த விளக்கம்
>
> சார்ட்டில் உள்ளவை: அட்மிஷன் குறிப்பிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ‘யூரோசெப்சிஸ்’. இரண்டாம் நாள் புரோக்ரஸ் நோட்டில் ‘ஈ.கோலை சிறுநீர்ப் பாதைத் தொற்று’.
>
> முதல் நாள், எமர்ஜென்சி 18:10: காய்ச்சல் 102.4, நாடித்துடிப்பு 114, மூச்சு 24, ரத்த அழுத்தம் 92/54.
>
> முதல் நாள், லேப் 18:40: வெள்ளையணு 18.6, பேண்ட் 12%, லாக்டேட் 3.1 (22:15-க்கு 1.6).
>
> கல்ச்சர்: சிறுநீரில் ஈ.கோலை, ஒரு லட்சம் காலனிக்கு மேல். ரத்தம் இரண்டு செட், ஐந்து நாளில் வளர்ச்சி இல்லை.
>
> சிகிச்சை: ஐவி திரவம் 2,000 மில்லி, செஃப்ட்ரியாக்ஸோன் தினம் 2 கிராம். பொது வார்டு, ஐசியூ இல்லை.
>
> கேள்வி: உங்கள் மருத்துவத் தீர்ப்பின்படி, ‘யூரோசெப்சிஸ்’ என்று நீங்கள் குறிப்பிட்ட நிலை எது என்பதைத் தெளிவுபடுத்தவும்.
>
> ☐ ஈ.கோலை சிறுநீர்ப் பாதைத் தொற்று மட்டும், செப்சிஸ் இல்லை
>
> ☐ ஈ.கோலை சிறுநீர்ப் பாதைத் தொற்றினால் ஏற்பட்ட செப்சிஸ்
>
> ☐ வேறு (குறிப்பிடவும்): ______
>
> ☐ மருத்துவரீதியாகத் தீர்மானிக்க இயலவில்லை

பணம் கூடும் தெரிவை நாங்கள் முதலில் வைப்பதில்லை. அப்படி ஒரு விதி கிடையாது. ஆனால் நூறு க்வெரியை வரிசையாகப் புரட்டும் ஆடிட்டர் கண்ணில், எப்போதும் பெரிய நோயே முதலில் நிற்பது உறுத்தும்.

கிரியாட்டினினை ஏன் விட்டோம் என்று கேட்பீர்கள். அது தனிக் கேள்வி. பின்னால் வருகிறது.

இப்படி எழுதினால் என்ன ஆகும்

இதே சார்ட்டுக்குப் புதியவர் ஒருவர் எழுதக்கூடிய க்வெரி: “நோயாளிக்குக் காய்ச்சலும் லாக்டேட் உயர்வும் இருந்ததால் செப்சிஸ் அளவுகோல் பூர்த்தியாகிறது. நோயாளிக்குச் செப்சிஸ் இருந்ததா? ஆம் / இல்லை. இது இல்லாவிட்டால் கிளெய்ம் டிஆர்ஜி 690-க்குப் போய்விடும்.”

நான்கு வரிக்குள் மூன்று ஓட்டை. அளவுகோல் பூர்த்தியானது என்று சொல்வது நோயைக் கண்டறிவது, அது கோடரின் வேலையில்லை. சார்ட்டில் எழுதப்படாத புதிய நோய்க்கு ஆம்-இல்லை கேள்வி கேட்கக் கூடாது. ஏற்கெனவே எழுதப்பட்ட நோய் அட்மிஷனின்போதே இருந்ததா, ஒன்றுக்கு மற்றொன்று காரணமா போன்றவற்றுக்குத்தான் அந்த வடிவம். மூன்றாவதுதான் பெரிய ஆபத்து. பணத்தைப் பற்றியோ தரக் குறியீடுகளைப் பற்றியோ க்வெரியில் ஒரு சொல்லும் வரக் கூடாது. மெடிகேர் அரசுப் பணம். கூடுதல் பணத்துக்காக டாக்டரை ஒரு விடைக்குத் தள்ளினார்கள் என்று தோன்றினால், அமெரிக்காவின் பொய்க் கிளெய்ம் சட்டத்தின்கீழ் அது விசாரணைவரை போகலாம். உங்கள் க்வெரியே அதற்குச் சாட்சியாகும்.

டிஆர்ஜி எண்ணை உங்கள் ஒர்க்ஷீட்டில் வைத்துக்கொள்ளலாம். க்வெரிப் பெட்டியில் மட்டும் அது வேண்டாம். மென்பொருளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளாக இருக்கும்போது அவசரத்தில் மாற்றி ஒட்டிவிடுவதும் நடக்கும், அனுப்பு முன் ஒருமுறை மேலிருந்து கீழே படித்துவிடுங்கள்.

கிரியாட்டினின்: இரண்டாவது க்வெரி

அடிநிலை 0.9, வந்தபோது 2.1. இது 2.3 மடங்கு. சிறுநீரகத்தின் திடீர்ப் பாதிப்புக்கு கேடிகோ என்ற சர்வதேச அளவுகோல் ஒன்று உண்டு: அடிநிலையிலிருந்து ஏழு நாளுக்குள் ஒன்றரை மடங்கு, அல்லது 48 மணி நேரத்தில் 0.3 உயர்வு. டாக்டர் எழுதியது “கிரியாட்டினின் கூடியுள்ளது” என்று மட்டும். திரவம் கொடுத்தார், லிசினோப்ரிலை நிறுத்தினார், ஆக அவர் அதைக் கண்டுகொள்ளாமல் இல்லை. கேட்கத் தகுந்த இடம்தான்.

இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். ஒரே க்வெரியில் “செப்சிஸால் ஏற்பட்ட சிறுநீரகத் திடீர்ப் பாதிப்பு” என்று ஒரு தெரிவை வைத்துவிடுவார்கள். செப்சிஸ் இருக்கிறதா என்பதே இன்னும் தெரியாதபோது அதைக் காரணமாக வைத்து இன்னொரு நோயைக் கேட்பது வண்டியை மாட்டுக்கு முன்னால் பூட்டுவது. டாக்டர் இந்தத் தெரிவைத் தொட்டால் அவர் இரண்டு கேள்விக்கு ஒரே விரலால் பதில் சொன்னதாகிறது. ஆடிட்டில் இரண்டுமே நிற்காது.

ஆகவே வரிசை இது. முதல் க்வெரியோடு சேர்த்தே, ஆனால் தனிக் குறிப்பாக, கிரியாட்டினினைப் பற்றிக் கேளுங்கள். தலைப்பு ‘கிரியாட்டினின் உயர்வு குறித்த விளக்கம்’. 0.9, 2.1, 1.6, 1.0 என்ற எண்கள் தேதியோடு, திரவம், லிசினோப்ரில் நிறுத்தம். தெரிவுகள்: சிறுநீரகத் திடீர்ப் பாதிப்பு, மருத்துவ முக்கியத்துவம் இல்லாத கிரியாட்டினின் உயர்வு, வேறு, தீர்மானிக்க இயலவில்லை. பழைய கிளினிக் ரிப்போர்ட்டிலிருந்து 0.9-ஐ எடுத்துப் போடலாமா என்றால், போடலாம். இந்த அட்மிஷனைப் புரிந்துகொள்ள அது உண்மையிலேயே தேவை. பழைய சார்ட்டிலிருந்து ஒரு நோயின் பெயரைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே ஒட்டுவதுதான் கூடாது.

இரண்டுக்கும் விடை வந்து, டாக்டர் செப்சிஸ் என்றும் சிறுநீரகத் திடீர்ப் பாதிப்பு என்றும் எழுதி, ஒன்றுக்கொன்று தொடர்பு சொல்லாமல் விட்டிருந்தால், மூன்றாவதாக ஒரு சிறிய கேள்வி வரும்: இந்தப் பாதிப்பு செப்சிஸாலா, நீர்ச்சத்துக் குறைவாலா, வேறு காரணமா? உறுப்புச் செயலிழப்பு செப்சிஸோடு தொடர்புடையதா என்பது தெளிவில்லை என்றால் கேட்க வேண்டும் என்று நெறிகள் சொல்கின்றன. கோடர் தானாக இணைத்து, கடும் செப்சிஸுக்கான R65.20 போடக் கூடாது. மூன்று க்வெரியா என்று டாக்டர் முகம் சுளிப்பார், உண்மைதான். ஆனாலும் மூன்றையும் ஒன்றாகக் கலந்து ஒரே குழப்பமான க்வெரியாக அனுப்புவதைவிட இது மேல்.

யாருக்கு, எப்போது அனுப்புவது

டிஸ்சார்ஜ் சம்மரியில் கையெழுத்திட்ட அட்டெண்டிங் டாக்டருக்கு. மருத்துவமனையின் மின்னணு ரெக்கார்டுக்குள் இருக்கும் க்வெரி வழியில் மட்டும். நோயாளியின் எண்களை மின்னஞ்சலில் ஒட்டுவது, டீம் வாட்ஸ்ஆப் குழுவில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவது எல்லாம் ஹிப்பா சட்ட மீறலில் போய் முடியலாம். ‘பேரை மறைச்சுட்டேன் அக்கா’ என்று சொல்வது எடுபடாது.

நேரமும் முக்கியம். பெங்களூரில் மாலை 7 மணி என்றால் அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடைக்காலத்தில் காலை 9.30, குளிர்காலத்தில் 8.30. அந்த நேரத்தில் டாக்டர் ரவுண்ட்ஸில் இருப்பார். நடு இரவு ஷிப்ட்டில் அனுப்பினால் அங்கே மதியம் ஆகியிருக்கும், குறிப்பு எழுத உட்காரும் நேரம் அது. இன்னொன்று: மருத்துவமனை டாக்டர்களில் பலர் ஏழு நாள் வேலை, ஏழு நாள் விடுப்பு என்ற முறையில் இருப்பவர்கள். நோயாளி அவருடைய கடைசி வேலை நாளில் டிஸ்சார்ஜ் ஆகியிருந்தால், உங்கள் க்வெரி ஒரு வாரம் தூங்கும். பில் ஹோல்டில் நிற்கும். சார்ட் எடுத்த அன்றே க்வெரி போவது இதற்காகத்தான்.

பதில் வராவிட்டால் எத்தனை நாளில் நினைவூட்டுவது, யாரிடம் மேலே கொண்டுபோவது என்பதெல்லாம் அந்தந்த மருத்துவமனையின் கொள்கையில் இருக்கும். பொதுவாக ஒரு நினைவூட்டல், பிறகு டாக்டர்களின் ஆவணங்களைச் சரிபார்க்கும் சிடிஐ குழு, பிறகு பிசிஷியன் அட்வைசர். நினைவூட்டும்போது அதே க்வெரியை அப்படியே அனுப்புங்கள். “செப்சிஸ் பற்றிய க்வெரி பாக்கி” என்று நினைவூட்டலில் எழுதினால், முதலில் பட்ட பாடெல்லாம் வீண்.

விடை வந்தபின்

‘தொற்று மட்டும்’ என்றால்: N39.0, கிருமிக்கு B96.20. டிஆர்ஜி 690. சிறுநீரகத் திடீர்ப் பாதிப்பை உறுதி செய்திருந்தால் N17.9 சேரும், ஆனாலும் 690-தான். அது சிசி என்ற துணைநோய் வகை மட்டுமே, 689-க்கு அதைவிடக் கடுமையான எம்சிசி வேண்டும்.

‘ஈ.கோலை தொற்றினால் செப்சிஸ்’ என்றால்: A41.51 முதலில், N39.0 இரண்டாவது. கிருமி A41.51-க்குள்ளேயே வந்துவிட்டதால் B96.20 வேண்டாம். டிஆர்ஜி 872. வெறும் ‘செப்சிஸ்’ என்று எழுதிக் கிருமியோடு தொடர்புபடுத்தாவிட்டால் A41.9-இல் நிற்க வேண்டும். சிறுநீரகப் பாதிப்பைத் தனியாக எழுதினால் N17.9 சேர்ந்தும் 872. செப்சிஸால்தான் என்று இணைத்து எழுதினால் R65.20-ம் N17.9-ம் வரும். R65.20 எம்சிசி என்பதால் 871.

செப்சிஸ் முதலில் வருவது, அது அட்மிஷனின்போதே இருந்ததால்தான். இங்கே எமர்ஜென்சி எண்களும் முதல் நாள் குறிப்பும் அதைக் காட்டுகின்றன, பிஓஏ ‘Y’. மூன்றாம் நாள்தான் காய்ச்சல் ஏறியிருந்தால் வரிசை தலைகீழ்: தொற்று முதலில், செப்சிஸ் பின்னால். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் அதற்கு ஆம்-இல்லை க்வெரி போடலாம், ஏனென்றால் நோயின் பெயர் இப்போது சார்ட்டில் இருக்கிறது.

‘தீர்மானிக்க இயலவில்லை’ என்று வந்தால், அல்லது கடைசிவரை பதிலே வராவிட்டால், சார்ட்டில் தெளிவாக இருப்பதை மட்டும் கோடு செய்யுங்கள். ஈ.கோலை சிறுநீர்ப் பாதைத் தொற்று எழுதப்பட்டிருக்கிறது: N39.0, B96.20. வேறு சொற்களில் அதே கேள்வியை மறுபடி கேட்காதீர்கள். வேண்டிய விடை வரும்வரை கேட்பதாகத்தான் அது படிக்கப்படும்.

‘செப்சிஸாக இருக்கலாம்’ என்று பதில் வந்தால் தயங்க வேண்டாம். இன்பேஷன்டில், டிஸ்சார்ஜின்போதும் நீங்காத ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’ போன்றவற்றை உறுதியான நோயைப்போலவே கோடு செய்யலாம். அவுட்பேஷன்ட் சார்ட்டில் இது செல்லாது. இரண்டிலும் மாறி மாறி வேலை செய்பவர்கள் சறுக்கும் இடம் இது.

பதில் எங்கே பதிந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். சில மருத்துவமனைகளில் க்வெரிப் படிவமே நிரந்தர ரெக்கார்டின் பகுதி. சிலவற்றில் அது வணிக ஆவணம் மட்டும். அப்படியானால் டிஸ்சார்ஜ் சம்மரியில் தேதியோடு ஒரு கூடுதல் குறிப்பு வந்தால்தான் கோடு செய்ய முடியும். படிவமே போதும் என்றாலும் கூடுதல் குறிப்பு கேட்பது நல்லது. சார்ட் முழுக்க ‘யூரோசெப்சிஸ்’ இருந்து, க்வெரிப் படிவத்தின் ஒரு டிக்கில் மட்டும் ‘செப்சிஸ்’ இருந்தால், காப்பீட்டு நிறுவனத்தின் ஆடிட்டர் அதைத்தான் முதலில் பிடிப்பார்.

கடைசியாக ஒரு சிக்கல். டாக்டர் ‘செப்சிஸ்’ என்று எழுதிவிட்டார், ஆனால் எண்கள் பலவீனம் என்று வையுங்கள். காய்ச்சலும் நாடித்துடிப்பும் மட்டும் இருந்தால் பழைய செப்சிஸ்-2 அளவுகோலுக்குப் போதும். 2016-இல் வந்த செப்சிஸ்-3, உறுப்புச் செயலிழப்பை அளக்கும் சோஃபா மதிப்பெண்ணில் இரண்டு புள்ளி உயர்வைக் கேட்கிறது, பல காப்பீட்டு நிறுவனங்கள் அதைக் காட்டித்தான் கிளெய்மை மறுக்கின்றன. நம் சார்ட்டில் கிரியாட்டினின் 2.1 ஒன்றே இரண்டு புள்ளி தரும், அதனால் பயமில்லை. ஆனால் கிரியாட்டினின் 0.9-இலேயே இருந்து, லாக்டேட்டும் ரத்த அழுத்தமும் சரியாக இருந்திருந்தால்? டாக்டர் எழுதியதைக் கோடர் நிராகரிக்க முடியாது. நோய் இருப்பதாக டாக்டர் சொன்னாலே கோடு செய்யப் போதும் என்று நெறிகள் சொல்கின்றன. மருத்துவ ஆதாரம் போதுமா என்பது வேறு கேள்வி, அதைச் சிடிஐ குழுவுக்கோ பிசிஷியன் அட்வைசருக்கோ அனுப்ப வேண்டும். எந்த அளவுகோலை அந்த மருத்துவமனை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். பில் போகும் முன்பே அனுப்பிவிடுங்கள். பில் போனபின் க்வெரி போடலாமா, எத்தனை நாள்வரை என்பதற்கு ஒவ்வொரு மருத்துவமனையும் தனி வரம்பு வைத்திருக்கும். அந்த வரம்பு தாண்டினால் சார்ட் எப்படியிருக்கிறதோ அப்படியே மறுப்புக் கடிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.